ஆங்கில வழிச் சான்றிதழ் ஐ.இ.எல்.டி.எஸ்.ஸுக்கு ஈடாகுமா?

வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்கும் பலர், ஆங்கிலப் புலமைக்கான சான்று கேட்கும் இடத்தில் தயங்கி நின்றுவிடுகிறார்கள். ‘பள்ளியிலும் கல்லூரியிலும் ஆங்கில வழியில்தானே படித்தேன், அதற்குத் தலைமையாசிரியரிடம் ஒரு கடிதம் வாங்கிக் கொடுத்தால் போதாதா?’ என்பது அவர்கள் கேள்வி. ஐ.இ.எல்.டி.எஸ்., டோஃபல் தேர்வுகளுக்குப் பல ஆயிரம் ரூபாய் கட்டணம். மதிப்பெண்ணும் இரண்டே ஆண்டுகள்தான் செல்லும். கேள்வி நியாயமானதுதான்.

முதுகலைக்கு விண்ணப்பிப்பவரின் பள்ளிக் கடிதம் பெரும்பாலும் எடுபடாது. கடைசியாக வாங்கிய பட்டம் எந்த மொழியில் நடத்தப்பட்டது என்றுதான் பார்ப்பார்கள். இளங்கலைக்குப் போகிறவருக்கும் பள்ளிக் கடிதத்தைவிட, பன்னிரண்டாம் வகுப்பு ஆங்கிலப் பாட மதிப்பெண் அதிகம் கைகொடுக்கும். பிரிட்டனில் பல பல்கலைக்கழகங்கள் குறிப்பிட்ட சதவீதத்துக்கு மேல் அந்த மதிப்பெண் இருந்தால் ஏற்கின்றன. எந்தக் கல்வி வாரியம், எத்தனை சதவீதம் என்பது பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் மாறும்.

பயிற்று மொழிச் சான்று தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. அரசு வேலையில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கான 20 சதவீத இடஒதுக்கீட்டுக்குப் பள்ளியிலிருந்து சான்று வாங்குகிறோம். அங்கே எந்த மொழியில் படித்தோம் என்பதே தகுதி. வெளிநாட்டுப் பல்கலைக்கழகமோ, விரிவுரையைக் கேட்டுப் புரிந்துகொள்ள முடியுமா, பத்துப் பக்க அறிக்கை எழுத முடியுமா என்று அறிய விரும்புகிறது. ஆங்கில வழி வகுப்பில் பாடத்தைத் தமிழில் விளக்கி, தேர்வை மட்டும் ஆங்கிலத்தில் எழுதவைக்கும் பழக்கம் நமக்குத் தெரியும். அதனால் ‘ஆங்கில வழி’ என்ற ஒற்றை வரியைச் சேர்க்கை அலுவலர் சந்தேகத்தோடு படித்தால் அவரைக் குறை சொல்ல முடியாது.

ஓர் எடுத்துக்காட்டு. அண்ணா பல்கலைக்கழகத்தின் இணைப்புக் கல்லூரி ஒன்றில் பி.இ. முடித்த மாணவி ஜெர்மனியில் முதுகலைக்கு விண்ணப்பிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். துறைத்தலைவர் கையெழுத்திட்ட, ‘இவர் ஆங்கில வழியில் பயின்றார்’ என்ற கடிதம் அவரிடம் இருக்கிறது. இதில் மூன்று ஓட்டைகள். முதலாவது, பாடம் நடத்தியதும் தேர்வு வைத்ததும் ஆங்கிலத்தில் என்று அது தெளிவாகச் சொல்லவில்லை; பட்டத்தின் பெயர், படித்த ஆண்டுகள், பதிவெண் எதுவுமில்லை. இரண்டாவது, பட்டம் வழங்குவது பல்கலைக்கழகம், கடிதம் கொடுத்தது ஒரு துறை. முதல்வரோ பதிவாளரோ கையெழுத்திட்டு, முத்திரையும் தேதியும் இட்டுத் தந்தால் மதிப்பு கூடும். மூன்றாவதைத்தான் பலர் கவனிப்பதில்லை. மதிப்பெண் பட்டியலில் முதலெழுத்தோடு இருக்கும் பெயர், பாஸ்போர்ட்டில் அப்பா பெயரோடு முழுதாக விரிந்திருக்கும். கடிதத்தில் எது இருக்கிறதோ, அது விண்ணப்பத்தோடு ஒத்துப்போக வேண்டும்.

கடிதத்தைச் சரிசெய்தாலும், அதை ஏற்பது அந்தந்தப் படிப்பின் விதியைப் பொறுத்தது. ஒரே பல்கலைக்கழகத்தில் ஒரு துறை ஏற்கும், இன்னொன்று மறுக்கும். ஆங்கிலம் தாய்மொழியாக உள்ள நாடுகளில் பெற்ற பட்டத்துக்கு மட்டும் விலக்கு தருபவர்களும் உண்டு. ஆகவே படிப்பின் பக்கத்தில் மொழித் தகுதிப் பகுதியை முழுதும் படித்துவிட்டு, சந்தேகம் இருந்தால் சேர்க்கை அலுவலகத்துக்கு மின்னஞ்சல் அனுப்ப வேண்டும்.

‘எனக்கு ஐ.இ.எல்.டி.எஸ். தேவையா?’ என்று கேட்டால், இணையப் பக்கத்தைப் பாருங்கள் என்றுதான் பதில் வரும். என்ன பட்டம், எந்தப் பல்கலைக்கழகம், எந்த ஆண்டு, கடிதத்தில் யார் கையெழுத்து என்று எழுதி, கடித நகலையும் இணையுங்கள். பிறகு இரண்டே கேள்விகள்: இணைப்புக் கல்லூரி முதல்வரின் கடிதம் போதுமா, பல்கலைக்கழகத்திடமிருந்தே வர வேண்டுமா? விண்ணப்பத்துக்கு மட்டும் ஏற்பீர்களா, சேரும்போதும் இது செல்லுமா? முதலில் ஏற்றுக்கொண்டு, இடம் கொடுக்கும்போது தேர்வு மதிப்பெண்ணை நிபந்தனையாக வைப்பதும் நடக்கிறது என்பதால் இரண்டாவது கேள்வியை விட்டுவிடக் கூடாது. வந்த பதிலைப் பத்திரப்படுத்தி, விண்ணப்பத்தோடு இணையுங்கள்.

விசா தனி வாசல். பிரிட்டனில் பட்டப்படிப்புக்குச் சேர்பவரின் ஆங்கிலத்தைப் பல பல்கலைக்கழகங்கள் தாங்களே மதிப்பிட்டு, விசாவுக்கான சேர்க்கை உறுதியில் குறிப்பிட முடியும். அங்கே பல்கலைக்கழகம் ஏற்றுக்கொண்டால் பாதி வேலை முடிந்த மாதிரி. ஆஸ்திரேலியாவில் அப்படியில்லை. மாணவர் விசாவுக்கு ஐந்தாண்டு ஆங்கில வழிப் படிப்பைக் காட்டி விலக்குப் பெறலாம். ஆனால் அதற்கான நாடுகளின் பட்டியலில் அமெரிக்கா, பிரிட்டன், கனடா, அயர்லாந்து, தென்னாப்பிரிக்கா போன்றவை உண்டு, இந்தியா இல்லை. எனவே சென்னையில் ஆங்கில வழியில் படித்தவரின் கடிதத்தைப் பல்கலைக்கழகம் ஏற்றாலும், அதே கடிதத்தை வைத்து இந்த விலக்கைப் பெற முடியாது. ஆஸ்திரேலியாவை நினைப்பவர், கல்லூரிக் கடிதத்துக்கு அலைவதற்கு முன் தேர்வுக்குத் தேதி வாங்கிவிடுவது நல்லது.