விட்டதைப் பிடிக்கப் போடும் மூன்றாவது ஆர்டர்

ஒரு நாளின் கணக்கைப் பார்ப்போம். புரிவதற்காக நானே போட்ட கணக்குதான் இது. ஆனால் நிஃப்டி ஆப்ஷன் வாங்கி விற்கும் பலர் தங்கள் நாளை இதில் அடையாளம் காண முடியும்.

கையில் 2 லட்சம் ரூபாய் முதல் வைத்திருப்பவர் அவர். ஒரு வர்த்தகத்தில் முதலின் 1 சதவீதத்துக்கு மேல், அதாவது 2,000 ரூபாய்க்கு மேல் இழப்பதில்லை என்று வரம்பும் வைத்திருக்கிறார். காலையில் ஒரு லாட் கால் ஆப்ஷனை 120 ரூபாய்க்கு வாங்கி, 94-ல் ஸ்டாப் லாஸ் போடுகிறார். லாட்டுக்கு 75 என்று வைத்துக்கொண்டால் அதிகபட்ச நஷ்டம் 1,950 ரூபாய். சந்தை இறங்கி ஸ்டாப் லாஸ் அடித்துவிடுகிறது. சரி, திசை மாறிவிட்டது என்று 110 ரூபாய்க்கு ஒரு லாட் புட் வாங்கி, 84-ல் ஸ்டாப் லாஸ் வைக்கிறார். இப்போது சந்தை மேலே ஏறி, அதையும் அடித்துவிட்டுப் போகிறது. மொத்த நஷ்டம் 3,900 ரூபாய். இதுவரை அவர் தவறு எதுவும் செய்யவில்லை. வரம்பு வைத்தார், வரம்பை மதித்தார், நஷ்டம் வந்தது. அவ்வளவுதான்.

அடுத்த சில நிமிடங்களில்தான் எல்லாம் மாறுகிறது. 3,900 ரூபாயை ஒரே அடியில் எடுத்துவிட வேண்டும் என்று 105 ரூபாய் விலையில் நான்கு லாட் வாங்குகிறார். ஸ்டாப் லாஸ் போட்டால் அதையும் அடித்துவிடும் என்ற எரிச்சலில் போடாமலே விடுகிறார். விலை 70-க்கு வந்த பிறகு மனம் கேட்காமல் வெளியேறுகிறார். 300 ஆப்ஷனுக்கு 35 ரூபாய் வீதம் 10,500 ரூபாய் போய்விட்டது. மதியத்துக்கு மேல் விலை குறைவான வேறொரு ஆப்ஷனை 60 ரூபாய்க்கு எட்டு லாட் வாங்குகிறார். நேரம் போகப் போக பிரீமியம் கரைகிறது. மாலை 35-ல் விற்கும்போது இன்னொரு 15,000 ரூபாய் போயிருக்கிறது.

நாள் முடிவில் 29,400 ரூபாய் நஷ்டம். தரகும் வரியும் தனி. திட்டப்படி எடுத்த இரண்டு வர்த்தகங்கள் 3,900 ரூபாயைத்தான் கொண்டுபோயின. மீதி 25,500 ரூபாய் விட்டதைப் பிடிக்கப் போய் இழந்தது. 3,900 ரூபாயை மீட்க, மிச்சமிருந்த முதலில் 2 சதவீதம் சம்பாதித்தால் போதும். இப்போது 17 சதவீதத்துக்கு மேல் சம்பாதிக்க வேண்டும்.

இதைப் பேராசை என்று எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. லாபத்தில் இருக்கும்போது அதே மனிதர் நான்கு லாட் வாங்கியிருக்க மாட்டார். நஷ்டம்தான் அவரை வேறு மனிதராக்குகிறது. டேனியல் கானமன், ஏமோஸ் ட்வெர்ஸ்கி என்ற இரு உளவியலாளர்கள் 1979-ல் வெளியிட்ட ஆய்வில் இப்படி ஒரு கேள்வி உண்டு. 3,000 நிச்சயமாகப் போகட்டும் என்று ஒப்புக்கொள்கிறீர்களா, அல்லது 4,000 போவதற்கு 80 சதவீத வாய்ப்பும் ஒன்றுமே போகாமலிருக்க 20 சதவீத வாய்ப்பும் உள்ள சூதை ஏற்கிறீர்களா? சராசரிக் கணக்குப்படி சூதில்தான் நஷ்டம் அதிகம், 3,200. ஆனாலும் 92 சதவீதம் பேர் சூதையே தேர்ந்தெடுத்தார்கள். நஷ்டத்தை ஒப்புக்கொண்டு எழுந்து போவது மனித மனத்துக்கு அவ்வளவு கடினம்.

அனுபவம் இருந்தால் இது வராது என்றும் சொல்ல முடியாது. சிகாகோ போர்டு ஆஃப் டிரேடில் அமெரிக்க அரசுக் கடன் பத்திரங்களின் ஃபியூச்சர்ஸை வாங்கி விற்றே பிழைத்தவர்களின் 1998-ஆம் ஆண்டுப் பதிவுகளை ஜோஷுவா கோவல், டைலர் ஷம்வே என்ற பொருளியலாளர்கள் ஆராய்ந்தார்கள். காலையில் நஷ்டப்பட்டவர்கள் மதியத்தில் வழக்கத்தைவிட அதிக ரிஸ்க் எடுத்தார்கள். அவசரத்தில் அதிக விலைக்கு வாங்கினார்கள், குறைந்த விலைக்கு விற்றார்கள். தொழிலே அதுவாக இருந்தவர்களின் நிலை இது.

இதோடு ஒரு தவறான நம்பிக்கையும் சேர்ந்துகொள்கிறது: இரண்டு முறை போய்விட்டது, அடுத்தது வந்தே தீரும் என்பது. பாதிக்குப் பாதி வெற்றி தரும் நல்ல முறையிலும், 20 வர்த்தகங்களுக்குள் எங்காவது தொடர்ந்து நான்கு நஷ்டம் வருவதற்கு ஏறக்குறைய பாதி வாய்ப்பு இருக்கிறது. தொடர் நஷ்டம் வழக்கமான ஒன்று. அடுத்த வர்த்தகம் எப்படிப் போகும் என்பதை அது சொல்வதில்லை.

அதனால் நிறுத்தும் விதியை மனம் தெளிவாக இருக்கும்போதே, சந்தை திறப்பதற்கு முன்பே எழுதி வைக்க வேண்டும். தொடர்ந்து இரண்டு நஷ்டம் வந்தாலோ, நாளின் நஷ்டம் முதலில் 2 சதவீதத்தைத் தொட்டாலோ, எது முதலில் வருகிறதோ அத்தோடு அன்றைய வர்த்தகம் முடிந்தது. அரை மணி நேர இடைவேளையை நான் பரிந்துரைக்க மாட்டேன். அந்த அரை மணி நேரமும் சார்ட்டைப் பார்த்துக்கொண்டேதான் இருப்போம். நாம் விட்ட ஆப்ஷன் நம் கண்ணெதிரே ஏறினால் கோபம் இன்னும் கூடும்.

நிறுத்துவதற்கும் ஒரு வரிசை உண்டு. முதலில் நிலுவையில் உள்ள ஆர்டர்களை ரத்து செய்து, திறந்திருக்கும் பொசிஷன்களை முடித்துவிட வேண்டும். ஸ்டாப் லாஸை ரத்து செய்துவிட்டு பொசிஷனை அப்படியே விட்டுப் போவது நிறுத்துவதாகாது. பிறகு தரகு நிறுவனத்தின் செயலியில் கில் சுவிட்ச் இருந்தால் அதை அழுத்தலாம். சில மணி நேரத்துக்கு நாமே நினைத்தாலும் திறக்க முடியாதபடி பூட்டிவிடும் வகையாக இருந்தால் நல்லது. அன்று வங்கியிலிருந்து புதுப் பணம் போடக் கூடாது. பலருக்கு இந்த ஓட்டை வழியாகத்தான் விதி உடைகிறது. மறுநாள் வழக்கமான அளவில் பாதியோடு தொடங்கலாம். ஒரு லாட்டே வழக்கம் என்றால் பாதியாக்க வழியில்லை, அதனால் ஒரே ஒரு வர்த்தகத்தோடு அந்த நாளை முடித்துக்கொள்ளலாம். இரட்டிப்பாக்கி மீட்கும் யோசனை வந்தால் அது நேற்றைய நாளின் தொடர்ச்சி.

இரண்டு என்ற எண் எல்லோருக்கும் பொருந்தாது. பத்தில் நான்கு வர்த்தகங்கள் மட்டுமே வென்று, அந்த நான்கில் பெரிய லாபம் பார்க்கும் முறையில், அடுத்தடுத்து எடுக்கும் எந்த இரண்டிலும் நஷ்டம் வர மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வாய்ப்பு உண்டு. அவர் மூன்று என்று வைத்துக்கொள்ளலாம். நாளுக்கு முப்பது நாற்பது முறை வாங்கி விற்பவருக்கு எண்ணிக்கையைவிட ரூபாய் வரம்பே பொருத்தம்.

உங்களுக்கு இது தேவையா என்பதை உங்கள் டிரேட் புக்கே காட்டும். கடைசி மூன்று மாதப் பதிவைத் தரவிறக்குங்கள். ஒவ்வொரு நாளிலும் தொடர்ந்து இரண்டு நஷ்டம் வந்த இடத்தில் ஒரு கோடு போடுங்கள். கோட்டுக்கு மேலே உள்ள லாப நஷ்டத்தைத் தனியாகவும், கீழே உள்ளதைத் தனியாகவும் கூட்டுங்கள். கோட்டுக்குக் கீழே லாட் எண்ணிக்கை ஏறியிருக்கிறதா, நஷ்டத்துக்கும் அடுத்த ஆர்டருக்கும் இடையே எத்தனை நிமிடம், லிமிட் ஆர்டர் போடுபவர் மார்க்கெட் ஆர்டருக்கு மாறினாரா என்றும் பாருங்கள்.

கீழ்க் கூட்டல் மட்டும் பெரிய நஷ்டம் காட்டினால் இந்த விதி உங்கள் பணத்தைக் காப்பாற்றும். மேலே உள்ளதே நஷ்டம் என்றால் குறை உங்கள் வர்த்தக முறையில் இருக்கிறது. நிறுத்தும் விதி அதைச் சரிசெய்யாது, பணம் கரையும் வேகத்தைத்தான் குறைக்கும். 2021-22 முதல் 2023-24 வரையிலான மூன்று நிதியாண்டுகளில் ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸில் இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நஷ்டப்பட்டதாக செபியின் ஆய்வு சொல்கிறது. அத்தனை பேரும் ஆத்திரத்தில் மட்டும் இழந்தார்கள் என்று சொல்ல முடியாது. மேல் கூட்டலிலேயே நஷ்டம் இருப்பவர் ஒரு நாளோடு நிறுத்தாமல், முறையைத் திருத்தும் வரை உண்மைப் பணத்தைப் போடாமல் இருக்க வேண்டும்.