கடற்கரை ஊரில் வடாம் காயவைப்பது எப்படி? மாவு பதம் முதல் மொறுமொறுப்பு வரை

புதுச்சேரி ரெட்டியார்பாளையத்தில் சித்திரை வெயில் மண்டையைப் பிளக்கும். மொட்டை மாடியில் வெறுங்காலை வைக்க முடியாது. அப்படிப்பட்ட வெயிலில் இரண்டு நாள் காய்ந்த வடாம், எண்ணெயில் போட்டதும் ஓரம் மட்டும் பொரிந்து நடுவில் கடுக்கென்று நின்றால் யாருக்கும் எரிச்சல் வரத்தான் செய்யும். விடியற்காலையில் எழுந்து கூழ் கிண்டிய உழைப்பு அத்தனையும் வீண். இதே வடாம் விழுப்புரத்தில் இரண்டு நாளில் காய்ந்துவிடுகிறதே என்று தோன்றும்.

காரணம் கடல். ரெட்டியார்பாளையம் நகரின் மேற்கே, விழுப்புரம் சாலையில் இருந்தாலும் கடல் சில கிலோமீட்டர் தூரம்தான். கோடையில் காலை நேரத்துக் காற்று நிலத்தின் பக்கமிருந்து வரும். அது வறண்ட காற்று. மதியவாக்கில் கடல்காற்று புகுந்துவிடும். நமக்கு அது இதம். ஆனால் அதில் ஈரம் அதிகம். வெயில் அடித்துக்கொண்டே இருந்தாலும், அந்தக் காற்றில் வடாமிலிருந்து தண்ணீர் வெளியேறுவது மெதுவாகிவிடும். எனவே இங்கே வடாமுக்குச் சரியான நேரம் காலை 8 மணியிலிருந்து கடல்காற்று தொடங்கும் வரை. அந்தச் சில மணி நேரத்துக்குள் முடிந்தவரை காய வேண்டுமானால், கூழின் பதம் சரியாக இருக்க வேண்டும்.

கூழின் பதம்

கரண்டியால் ஊற்றும் கூழ் வடாமுக்கு ஒரு டம்ளர் பச்சரிசி மாவுக்கு ஆறு டம்ளர் தண்ணீர் நல்ல கணக்கு. ஒரு டம்ளர் தண்ணீரில் மாவைக் கட்டியில்லாமல் கரைத்துக்கொள்ளுங்கள். மீதி ஐந்து டம்ளரை உப்பு போட்டுக் கொதிக்கவிட்டு, கரைத்த மாவை ஊற்றி, சிறு தீயில் கைவிடாமல் கிண்டுங்கள். பச்சை மிளகாய் விழுது, சீரகம், பெருங்காயம் அவரவர் ருசிக்கு. எலுமிச்சைச் சாறு அடுப்பை அணைத்த பிறகுதான். உப்பு மட்டும் சூடான கூழில் ஒரு மாற்று குறைவாகவே இருக்கட்டும். தண்ணீர் வற்றியதும் அது எடுப்பாகத் தெரியும்.

கூழ் வெந்துவிட்டதா என்பதை நேரம் பார்த்துச் சொல்ல முடியாது. நிறம் வெள்ளையிலிருந்து கண்ணாடி போலப் பளபளப்புக்கு மாற வேண்டும். சிறிதளவு எடுத்து ஆறவைத்து, தண்ணீரில் நனைத்த விரலால் தொட்டால் ஒட்டக்கூடாது. பச்சை மாவு வாசனையும் போயிருக்க வேண்டும்.

இனி தடிமன். விரிப்பில் ஒரு கரண்டி விட்டுப் பாருங்கள். கூழ் தானாகவே வட்டமாகப் பரவி, ஓர் இடத்தில் நின்றுவிட்டால் அதுதான் பதம். ஓடிப்போய்ப் பக்கத்து வடாமோடு சேர்ந்தால் தண்ணீர் அதிகம். அப்படி ஊற்றியது காகிதம் போல் காய்ந்து, எடுக்கும்போதே நொறுங்கும். எண்ணெயில் பொரிவதற்குள் சிவந்துவிடும். பரவாமல் குவியலாக நின்றால் கெட்டி. அதில் ஓரம் முதலில் இறுகிவிடும், நடுவிலுள்ள ஈரம் வெளியே வர வழியில்லாமல் தங்கிவிடும். வடாம் இரண்டு மடங்கு தடிமனானால், அது காயும் நேரம் நான்கு மடங்கு வரை நீளலாம்.

பலர் கவனிக்காத விஷயம் ஒன்று உண்டு. அடுப்பிலிருந்து இறக்கியபோது சரியாக இருந்த கூழ், ஆற ஆறக் கெட்டியாகிக்கொண்டே போகும். முதல் வரிசை மெல்லியதாகவும் கடைசி வரிசை தடியாகவும் அமைவது இதனால்தான். பக்கத்திலேயே வெந்நீர் வைத்துக்கொண்டு, கூழ் இறுகும்போதெல்லாம் ஒரு கரண்டி விட்டுக் கலக்கிக்கொள்ளுங்கள்.

அச்சில் பிழியும் வடாமுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அதற்கு ஒரு டம்ளர் மாவுக்கு இரண்டு முதல் இரண்டரை டம்ளர் தண்ணீர் போதும்.

எத்தனை நாள் காய வேண்டும்?

முதல் நாள் காலையிலேயே ஊற்றி முடித்துவிடுங்கள். மதியத்துக்கு மேல் ஊற்றினால், மேல்பக்கம் இறுகுவதற்குள் கடல்காற்று வந்துவிடும். கூழ் புளிக்கவும் கூடும். வேட்டித் துணியில் ஊற்றியிருந்தால், மாலையில் துணியின் பின்பக்கம் தண்ணீர் தெளித்து உரித்தெடுக்கலாம். பிளாஸ்டிக் விரிப்பு என்றால் அடுத்த நாள் தானாகவே கிளம்பிவிடும்.

இரண்டாம் நாள் எல்லாவற்றையும் திருப்பிப் போடுங்கள். அடிப்பக்கம்தான் அதிக ஈரத்தோடு இருக்கும். பொழுது சாய்வதற்குள் வீட்டுக்குள் எடுத்துவிட வேண்டும். இரவு மாடியில் விட்டால், பகலில் போன ஈரத்தில் ஒரு பங்கு திரும்ப ஏறிவிடும். கடலோரத்தில் மூன்று நாள், மேகம் போட்டால் நான்கு நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

காய்ந்ததை எப்படி அறிவது? கையில் அள்ளிப் போட்டால் கலகலவென்று சத்தம் வர வேண்டும். ஒன்றை உடைத்தால் வளையாமல் ‘டக்’கென்று ஒடிய வேண்டும். நிழலில் ஆறவைத்த வடாமின் நடுப்பகுதியைப் புறங்கையில் வைத்துப் பாருங்கள். குளிர்ச்சி தட்டினால் இன்னும் ஈரம் இருக்கிறது.

எண்ணெய் சொல்லும் உண்மை

வடாமை முழுவதுமாக வற்றச் செய்தாலும் அதனுள் சிறிதளவு ஈரம் இருக்கத்தான் செய்யும். சூடான எண்ணெயில் அந்த ஈரம் நொடியில் ஆவியாகி, வெந்து இறுகிய மாவை ஊதிப் பெரிதாக்குகிறது. அதுதான் மொறுமொறுப்பு. ஈரம் மிகுந்தால் ஊதாமல் சவசவவென்று ஆகும்.

டப்பாவில் போடுவதற்கு முன் தடிமனான ஒன்றைப் பொரித்துப் பாருங்கள். போட்டதும் மேலெழும்பி விரிந்தால் சரி. நடுவில் மட்டும் கடுக்கென்று நின்றால், மீதியை மேலும் ஒரு நாள் வெயிலில் வைத்து மறுபடி சோதியுங்கள். அதற்குப் பிறகும் அப்படியே நின்றால், குறை காய்ச்சலில் இல்லை, கூழ் வேகவில்லை. அதை எத்தனை வெயிலும் சரிசெய்யாது. நன்றாகப் பொரிந்தும் எண்ணெய் குடித்திருந்தால், எண்ணெய் போதிய அளவு காயவில்லை என்று அர்த்தம்.

அப்பளம் வேறு கதை

வடாமுக்குப் பழகிய கையோடு அப்பளத்தையும் வெயிலில் போட்டுவிடாதீர்கள். இதில் மாவு வேகவைக்கப்படுவதில்லை. உளுத்த மாவு ஒரு கப்புக்குக் கால் கப் அளவு தண்ணீரே போதும். அதில் உப்பும் அப்பளக்காரமும் போட்டுக் கொதிக்கவைத்து, ஆறிய பின் கெட்டியாகப் பிசைய வேண்டும். எண்ணெய் தொட்டு இடித்து, மெல்லியதாக இட்டு, நிழலில் உலர்த்துங்கள். சுள்ளென்ற வெயில் பட்டால் ஓரம் சுருண்டு, அடுக்கும்போதே உடைந்துவிடும். வடாம் ஒடிய வேண்டும். அப்பளம் லேசாக வளைய வேண்டும்.

ஐப்பசி வரை காக்க

வெயிலில் இருந்து எடுத்த சூட்டோடு டப்பாவை மூடினால் உள்ளே வியர்த்துவிடும். நன்றாக ஆறவிட்டு, காற்றுப் புகாத டப்பாவில் போடுங்கள். புதுச்சேரியில் பெருமழை ஐப்பசி, கார்த்திகையில்தான். அதற்கு முன், புரட்டாசியில் நல்ல வெயில் அடிக்கும் ஒரு நாளில் மறுபடி காயவைத்து எடுத்தால் மழைக்காலம் முழுக்கத் தாங்கும். பூசணம் பிடித்த வடாமைத் துடைத்துப் பொரிக்காமல் தூக்கிப் போட்டுவிடுங்கள்.