எட்டு டாலர் எத்தனை ரூபாய்?

2016 ஜனவரியில் நெட்ஃப்ளிக்ஸ் இந்தியாவுக்கு வந்தபோது மாதச் சந்தாவில் மூன்று படிகள் இருந்தன: 500, 650, 800 ரூபாய். அப்போது அமெரிக்காவில் அவற்றின் விலை 7.99, 9.99, 11.99 டாலர். டாலர் மதிப்பு 67 ரூபாயை ஒட்டி இருந்தது. பெருக்கிப் பார்த்தால் 535, 669, 803 வருகிறது. அமெரிக்க விலையை ரூபாயாக்கி, சில்லறையைத் தட்டிவிட்டு நம் முன்னால் வைத்திருந்தார்கள். அந்தக் காலத்தில் தமிழ்நாட்டில் அரசு கேபிளுக்கு மாதம் 70 ரூபாய்தான். ஏழு மாத கேபிள் காசை ஒரே மாதத்தில் கேட்டால் எத்தனை வீடுகள் கொடுக்கும்?

மாற்று விகிதம் என்பது வங்கிகளும் ஏற்றுமதியாளர்களும் டாலரை வாங்கி விற்கும் விலை. நம் ஊரில் முடி வெட்டிக்கொள்ள, வாடகை கட்ட, அரிசி வாங்க என்ன செலவாகும் என்பது அதற்குத் தெரியாது. அதைச் சொல்லத்தான் உலக வங்கி 'வாங்கும் திறன் சமநிலை' என்று இன்னொரு கணக்கு வைத்திருக்கிறது. அமெரிக்காவில் ஒரு டாலருக்குக் கிடைக்கும் பொருளும் சேவையும் இங்கே எத்தனை ரூபாய்க்குக் கிடைக்கும் என்று நாடு நாடாக விலை சேகரித்துப் போடும் கணக்கு அது. 2017க்கான கணக்கின்படி இந்தியாவுக்கு 20.65 ரூபாய். அதே ஆண்டில் சந்தை மாற்று விகிதம் சுமார் 65. மூன்று மடங்குக்கு மேல் வித்தியாசம்.

நெட்ஃப்ளிக்ஸ் மெதுவாகத்தான் இறங்கி வந்தது. 2019 ஜூலையில் கைபேசிக்கு மட்டும் 199 ரூபாய்த் திட்டம் வந்தது. 2021 டிசம்பரில் அதை 149 ஆக்கினார்கள். 499 ஆக இருந்த பேசிக் திட்டம் ஒரேயடியாக 199க்கு வந்தது. அப்போது அமெரிக்காவில் பேசிக் 8.99 டாலர். 20.65ஆல் பெருக்கினால் 186 ரூபாய்! இந்தக் கணக்கைப் போட்டுத்தான் விலை வைத்தார்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஐந்தாறு வருடம் சுற்றிவிட்டு அந்த எண்ணுக்குப் பக்கத்தில்தான் வந்து நின்றார்கள்.

விலையைக் குறைத்ததால் கையைச் சுட்டுக்கொண்டார்களா? பங்குதாரர்களுக்கு அவர்களே எழுதிய கடிதத்தின்படி, இந்தியாவில் வருமான வளர்ச்சி 2021ல் 19 சதவீதம். விலை குறைந்த 2022ல், நாணய ஏற்ற இறக்கத்தைக் கழித்தபின், 24 சதவீதம். பார்க்கும் நேரமும் ஏறக்குறைய 30 சதவீதம் கூடியது. அந்தத் தைரியத்தில் 2023 தொடக்கத்தில் இன்னும் 116 நாடுகளில் விலையைக் குறைத்தார்கள்.

ஆக, இதில் தர்ம சிந்தனை எதுவும் இல்லை. ஒரு சிறிய ஆப் செய்து விற்பவரின் நோட்டில் இந்தக் கணக்கு இன்னும் தெளிவாகத் தெரியும். அமெரிக்காவில் 9.99 டாலருக்கு விற்கும் ஆப் என்று வைத்துக்கொள்வோம். டாலர் 85 ரூபாய் என்றால் நேரடி மாற்றில் 849 ரூபாய். இங்கே காட்டப்படும் விலைக்குள்ளேயே 18 சதவீத ஜிஎஸ்டி அடக்கம். அதைக் கழித்தால் 719. சிறு தயாரிப்பாளர்களிடம் ஆப் ஸ்டோர் எடுக்கும் 15 சதவீதக் கமிஷனும் போனால் கையில் நிற்பது 611 ரூபாய். அதே ஆப்பை 199க்கு விற்றால், இதே கழிவுகள் போக 143 ரூபாய் மிஞ்சும். 611ஐ 143ஆல் வகுத்தால் நாலேகால். முன்பு ஒருவர் வாங்கிய இடத்தில் இப்போது ஐந்து பேர் வாங்கினால் லாபம், நான்கு பேர் வாங்கினால் நஷ்டம். எல்லாம் அந்த ஒரு ஆளில் இருக்கிறது.

ஐந்தாவது ஆளுக்குச் செலவில்லாமல் ஆப்பைக் கொடுக்க முடியும் என்பதால்தான் இந்த வியாபாரம் நடக்கிறது. ஒரு விளையாட்டை இன்னொருவர் இறக்கிக்கொள்வதால் தயாரிப்பாளருக்குப் பெரிதாக ஒன்றும் ஆவதில்லை. ஆனால் படங்களைச் சேமித்து வைக்கும் சேவை போல ஒவ்வொரு ஆளுக்கும் சர்வர் செலவு உண்டென்றால் கணக்கு மாறும். ஆளுக்கு 40 ரூபாய் செலவு என்றால் 571க்கு எதிரே 103தான் நிற்கும், நாலேகால் ஐந்தரையாகிவிடும். அப்படிப்பட்ட சேவைகள் விலையை ஓரளவுக்கு மேல் இறக்கத் தயங்குவதில் நியாயம் இருக்கிறது.

விலை சரியா தப்பா என்று பார்க்க, எத்தனை பேர் வாங்கினார்கள் என்று எண்ணிச் சந்தோஷப்படக் கூடாது. ஆப்பின் பக்கத்துக்கு வந்த ஆயிரம் பேரிடமிருந்து கழிவெல்லாம் போக எவ்வளவு கிடைத்தது என்பதுதான் அளவுகோல். சந்தாவாக இருந்தால் மூன்றாவது மாதமும் எத்தனை பேர் கட்டுகிறார்கள் என்று பார்க்க வேண்டும். முதல் மாதக் கூட்டம் எப்போதும் ஏமாற்றும்.

இவ்வளவும் நிற்பது ஒரு வேலியின் மேல். இங்கே 199க்குக் கிடைப்பதை நியூயார்க்கில் இருப்பவரும் 199க்கு வாங்க முடிந்தால் எல்லாம் போச்சு. அப்படிப் போன கதைதான் ஸ்டீமுடையது. கணினி விளையாட்டுகளை விற்கும் இந்தக் கடை துருக்கிக்கு லிராவிலும் அர்ஜென்டினாவுக்குப் பெசோவிலும் தனி விலை வைத்திருந்தது. இரண்டு நாணயங்களும் சரியத் தொடங்கின. 2018 தொடக்கத்தில் ஒரு டாலருக்கு நான்கு லிராவுக்கும் குறைவு. 2023 முடிவில் 29ஐத் தாண்டிவிட்டது. நூறு லிரா என்று 2018ல் விலை வைத்து அப்படியே மறந்துவிட்ட விளையாட்டு அப்போது 26 டாலர் பெறும். ஐந்தாண்டில் அது மூன்றரை டாலர். உலகெங்கும் உள்ள விளையாட்டுப் பிரியர்கள் வி.பி.என். போட்டு, தாங்கள் துருக்கியில் இருப்பதாகக் காட்டிக்கொண்டு வாங்கக் கிளம்பினார்கள்.

ஸ்டீமை நடத்தும் வால்வ் நிறுவனம் 2021ல் மூன்று மாதத்துக்கு ஒரு முறைதான் நாட்டை மாற்றலாம் என்று கட்டுப்பாடு போட்டது. 2022ல், விலையைத் திருத்துங்கள் என்று தயாரிப்பாளர்களுக்குப் புதிய பரிந்துரைப் பட்டியல் கொடுத்தது. கடைசியில் 2023 நவம்பரில் இரண்டு நாடுகளையும் டாலர் விலைக்கே மாற்றிவிட்டது. பக்கத்து நாடுகளோடு சேர்த்து வட்டார விலை என ஒன்று இருந்தாலும், பழைய விலைக்குப் பழகிய துருக்கி மாணவருக்குப் பல விளையாட்டுகள் ஒரே இரவில் பல மடங்கு ஏறின. வேலி தாண்டியவர்கள் எங்கோ. அடி வாங்கியவர்கள் உள்ளூர்க்காரர்கள்.

இணைய முகவரியை மட்டும் பார்த்து ஒருவர் எந்த நாட்டவர் என்று முடிவு செய்யும் கடைகள் சுலபமாக ஏமாறும். பணம் கட்டும் இடத்தில் பிடிப்பதுதான் உறுதி. கார்டின் முதல் சில எண்களிலேயே அதைக் கொடுத்த வங்கி எந்த நாட்டினது என்பது தெரிந்துவிடும். நெட்ஃப்ளிக்ஸின் கைபேசித் திட்டம் வேறு வகை வேலி: ஒரே ஒரு சின்னத் திரை, குறைந்த படத்தரம். டிவியில் குடும்பத்தோடு பார்க்கிறவர் தானாகவே மேல் திட்டத்துக்குப் போய்விடுவார்.

வேலி இறுக இறுக, நேர்மையாக ஊர் மாறுகிறவர்களும் அதில் மாட்டுகிறார்கள். சென்னையிலிருந்து சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறவர் கூகுள் பிளேயில் தன் நாட்டை ஆண்டுக்கு ஒரு முறைதான் மாற்ற முடியும். மாற்றியபின், இந்தியக் கணக்கில் மீதம் வைத்திருந்த ரூபாயை அங்கே செலவழிக்க வழியில்லை. ஆறு மாதத்தில் ஊர் திரும்பிவிட்டாரென்றால், ஆண்டு முடியும்வரை சென்னையில் உட்கார்ந்துகொண்டு சிங்கப்பூர் விலைதான்.