விளம்பரம் மனதில் நின்றதா? அளப்பது எப்படி?

ஒரு விளம்பரத்தை அது வெளியாவதற்கு முன்பும் சோதிக்கலாம், வெளியான பிறகும் சோதிக்கலாம். முன்சோதனையில், படம் எடுப்பதற்கு முன்பே காட்சிகளை ஓவியமாக வரைந்து அதன் மேல் குரலைச் சேர்த்து, அந்தப் பொருளை வாங்கக்கூடிய சிலருக்குக் காட்டுவார்கள். சொல்ல வந்தது புரிந்ததா, எந்த பிராண்டு என்பது பதிந்ததா, ஏதாவது உறுத்தியதா என்று கேட்பார்கள். குறை தென்பட்டால் ஓவியத்தை மாற்றினால் போதும். பெருஞ்செலவில் எடுத்து முடித்த படத்தைத் தூக்கிப்போட வேண்டியதில்லை.

அமெரிக்காவில் ஹொரேஸ் ஷ்வெரினின் நிறுவனம் இதை அரங்குக்குள் கொண்டுவந்தது. நிகழ்ச்சி பார்க்க வந்தவர்களிடம், பரிசு விழுந்தால் எந்த பிராண்டு வேண்டும் என்று முதலில் கேட்டது. நிகழ்ச்சிக்கு நடுவே விளம்பரத்தைக் காட்டியபின் அதே கேள்வியை மறுபடியும் கேட்டது. இரண்டு விடைகளுக்கும் உள்ள வித்தியாசமே மதிப்பெண்.

முன்சோதனை எவ்வளவு கவனமாக நடந்தாலும் அதில் ஒரு குறை தங்கிவிடுகிறது. அங்கே விளம்பரத்தைப் பார்ப்பதற்கென்றே ஆட்களை உட்காரவைக்கிறார்கள். வீட்டில் அதே விளம்பரம் வரும்போது ஒருவர் அடுப்படிக்குப் போயிருப்பார், இன்னொருவர் பக்கத்தைப் புரட்டியிருப்பார். அதனால் புரியாத விளம்பரத்தையும் எரிச்சலூட்டும் விளம்பரத்தையும் முன்கூட்டியே கண்டுபிடிக்க முன்சோதனை நன்றாக உதவும். வெளியுலகில் எத்தனை பேர் கண்ணில் படும் என்பதை அதனால் சொல்ல முடியாது. அதற்கு வெளியானபின் அளக்கத்தான் வேண்டும். அளக்கும் முறையைப் பற்றிய நீண்ட சர்ச்சை தொடங்குவதும் அங்கேதான்.

பத்திரிகை விளம்பரங்களுக்கு முதலில் பரவலான முறை டேனியல் ஸ்டார்ச்சுடையது. உளவியல் படித்த அவர் 1930களில் இதைப் பெரிய அளவில் நடத்தத் தொடங்கினார். குறிப்பிட்ட இதழைப் படித்தேன் என்று சொல்பவரைத் தேடிப்பிடித்து, அந்த இதழையே அவர் முன் விரித்து, பக்கம் பக்கமாகப் புரட்டிக் கேட்பார்கள். இந்த விளம்பரத்தைப் பார்த்தவர்கள் எத்தனை சதவீதம் என்பது முதல் கணக்கு. பிராண்டின் பெயரையும் சேர்த்துக் கவனித்தவர்கள் இரண்டாவது. எழுத்தில் பாதிக்கு மேல் படித்தவர்கள் மூன்றாவது. கண்ணுக்கு முன்னால் இருப்பதைப் பார்த்து ஆமாம், இல்லை என்று சொன்னால் போதும் என்பதால் இதற்கு அடையாளம் காணும் சோதனை என்று பெயர்.

ஜார்ஜ் கேலப்பும் கிளாட் ராபின்சனும் 1948இல் தொடங்கிய நிறுவனம் இதற்கு நேரெதிரான வழியில் போனது. இதழை மூடிவைத்துவிட்டு, பிராண்டுகளின் பெயர் எழுதிய அட்டைகளை மட்டும் காட்டும். இவற்றில் எதன் விளம்பரம் அந்த இதழில் வந்தது, அதில் என்ன படம் இருந்தது, என்ன சொன்னார்கள் என்று கேட்கும். விவரம் சரியாக இருந்தால்தான் ஒருவர் கணக்கில் சேர்வார். இது நினைவுகூரும் சோதனை.

ஒரே விளம்பரத்துக்கு இந்த இரண்டும் எவ்வளவு வேறுபடலாம் என்பதைக் கற்பனைக் கணக்கு ஒன்றில் பார்க்கலாம். சோப்பு விளம்பரம் வந்த இதழைப் படித்த 200 பேரிடம் இதழை விரித்துக் கேட்டபோது 90 பேர் பார்த்தோம் என்கிறார்கள். அது 45 சதவீதம். இதழை மூடிவைத்துக் கேட்ட வேறு 200 பேரில் 12 பேர் மட்டுமே விளம்பரத்தை விவரிக்கிறார்கள். அது 6 சதவீதம். 39 சதவீத வித்தியாசம் எங்கிருந்து வந்தது?

அந்த 90 பேரில் சிலர் உண்மையில் பார்க்காதவர்கள். இதைப் பிடிக்க டாரல் லூகஸ் ஒரு வழி கண்டார். இன்னும் எங்குமே வெளியாகாத விளம்பரங்களையும் கலந்து காட்ட வேண்டும். வெளியாகாததைப் பார்த்தேன் என்று 20 சதவீதத்தினர் சொன்னால், 45இலிருந்து 20ஐக் கழித்து, வரும் 25ஐ மிச்சமுள்ள 80ஆல் வகுக்க வேண்டும். விடை சுமார் 31 சதவீதம். இப்படிச் சொல்பவர்கள் பொய்யர்கள் அல்ல. அந்த பிராண்டின் விளம்பரங்கள் எல்லாமே ஒரே சாயலில் இருப்பதும், வழக்கமாக இந்த இதழைப் படிப்பதால் பார்த்திருப்போம் என்ற நம்பிக்கையுமே காரணம்.

1955இல் அமெரிக்காவின் விளம்பர ஆராய்ச்சி அறக்கட்டளை, 'லைஃப்' வார இதழின் ஒரே வெளியீட்டை வைத்து இரண்டு முறைகளையும் ஒப்பிட்டுப் பார்த்தது. இதழைப் படித்து நாட்கள் ஆக ஆக, நினைவுகூரும் மதிப்பெண் எதிர்பார்த்தபடியே சரிந்தது. அடையாளம் காணும் மதிப்பெண்ணோ ஏறக்குறைய அசையவே இல்லை. நினைவு என்றால் நாளாக ஆக மங்க வேண்டும். மங்காத எண் நினைவை அளக்கிறதா, அல்லது அந்த மாதிரி விளம்பரத்தில் அந்த வாசகருக்கு உள்ள ஈடுபாட்டை அளக்கிறதா என்ற கேள்வி அப்போது எழுந்தது.

நினைவுகூரும் சோதனையே சரி என்று இதனால் முடிவுகட்டிவிட முடியாது. தொலைக்காட்சிக்கு வந்தபின் அது மறுநாள் தொலைபேசியில் கேட்கும் முறையாகப் பரவியது. விளம்பரத்தில் என்ன பார்த்தீர்கள், சொல்லுங்கள் என்றால் பதிலை வார்த்தையில் சொல்லியாக வேண்டும். புதிய வசதி, விலை, செய்முறை போன்றவற்றை வார்த்தையில் சொல்வது எளிது. இசையாலும் முகபாவத்தாலும் மனதைத் தொட்ட விளம்பரத்தை அப்படிச் சொல்வது கடினம். 1980களின் தொடக்கத்தில் ஹூபர்ட் ஜில்ஸ்கி, பிராண்டின் பெயரை மட்டும் மறைத்து விளம்பரத்தைத் திரும்பக் காட்டி, இது யாருடையது என்று கேட்டுப் பார்த்தார். மறுநாள் தொலைபேசிச் சோதனையில் பின்தங்கிய உணர்ச்சி விளம்பரங்கள் இந்தச் சோதனையில் கணிசமாக மேலேறின. அவை மறக்கப்படவில்லை, சொல்லத்தான் வரவில்லை. பெயரை மறைத்துக் காட்டும் இந்தக் கேள்வி இரண்டு முறைகளின் குறைகளுக்கும் நடுவே நியாயமான வழியாக நிற்கிறது. முழு விளம்பரத்தையும் காட்டிவிட்டு ஆமாவா என்று மட்டும் கேட்பதைவிட இது நம்பகமானது.

தொடர்ந்து அளப்பவர்கள் வழக்கமாகத் தவறவிடுவது தொடக்க அளவு. விளம்பரம் வெளியாவதற்கு முன்பே, எத்தனை பேர் இந்த பிராண்டின் விளம்பரத்தைப் பார்த்ததாகச் சொல்கிறார்கள் என்று ஒருமுறை கேட்டுவைக்க வேண்டும். பழைய விளம்பரங்களின் எச்சமாகவே 25 சதவீதம் வரலாம். அதை எடுத்துவைக்காவிட்டால், பிறகு வரும் 33 சதவீதத்தில் எட்டு மட்டுமே புதிய விளம்பரத்தின் பங்காக இருக்கலாம் என்பது தெரியாமலே போகும்.

அடுத்த பிழை இன்னும் பெரியது. விளம்பரத்தை நினைவில் வைத்திருப்பவர்களில் எத்தனை பேர் அந்தப் பொருளை வாங்குகிறார்கள், நினைவில்லாதவர்களில் எத்தனை பேர் வாங்குகிறார்கள் என்று எண்ணி, வித்தியாசம் முழுவதையும் விளம்பரத்தின் கணக்கில் சேர்த்துவிடுவது. ரோஸர் ரீவ்ஸ் 1961இல் எழுதிய நூலில் இந்த அளவையே முன்வைத்தார். ஆனால் ஒரு பொருளை ஏற்கெனவே பயன்படுத்துபவர்தான் அதன் விளம்பரத்தை அதிகம் கவனிப்பார். பழக்கம்தான் நினைவைத் தந்ததா, நினைவுதான் பழக்கத்தைத் தந்ததா என்பதை இந்தக் கணக்கு பிரித்துக் காட்டுவதில்லை.

பிரித்துக் காட்ட ஒரே வழி, ஒத்த குடும்பங்களை இரண்டாகப் பிரித்து ஒரு பாதிக்கு மட்டும் விளம்பரத்தைக் காட்டுவது. 1979இல் தொடங்கிய பிஹேவியர்ஸ்கேன் அமெரிக்காவின் சிறு நகரங்களில் இதைத்தான் செய்தது. கேபிள் தொலைக்காட்சி வழியாக வீட்டுக்கு வீடு வேறு விளம்பரம் போகும். கடையில் பொருளை ஸ்கேன் செய்யும்போது அந்தக் குடும்பம் வாங்கியது பதிவாகும். அதற்குச் செலவும் அதிகம், முடிவு தெரிய மாதங்களும் ஆகும். லெனார்ட் லோடிஷும் சக ஆய்வாளர்களும் இப்படிப்பட்ட 389 சோதனைகளைத் திரட்டி 1995இல் வெளியிட்ட ஆய்வில், நினைவுகூரும் மதிப்பெண்ணுக்கும் விற்பனையில் ஏற்பட்ட உயர்வுக்கும் வலுவான தொடர்பு காணப்படவில்லை.