உருளைக்கிழங்கு ஏன் பச்சையாகிறது?

உருளைக்கிழங்கு வேர் அல்ல, மண்ணுக்குள் பருத்த தண்டு. அதனால்தான் வெளிச்சம் பட்டால் அதில் பச்சையம் உண்டாகிறது. பச்சையத்தால் கெடுதல் இல்லை. ஆனால் அதே வெளிச்சத்தில் தோலையொட்டிச் சோலனைன் என்ற நச்சுப்பொருளும் கூடுகிறது. வேகவைத்தாலும் அது போகாது. லேசான பச்சை என்றால் அந்த இடத்தை ஆழமாகச் சீவி எறியுங்கள். உள்ளேயும் பச்சை பரவியிருந்தாலோ, சமைத்தபின் கசந்தாலோ, கிழங்கையே ஒதுக்கிவிடுங்கள்.

முளைப்பதற்கு வெளிச்சம் தேவையில்லை, வெப்பம் போதும். அறுவடைக்குப் பின் சில வாரம் உறங்கும் கண்கள் அடுப்படிச் சூட்டில் சீக்கிரம் விழித்துவிடும். அந்த முளையிலும் சோலனைன் அதிகம். குளிர்சாதனப் பெட்டியில் வைத்தாலோ மாவுச்சத்து சர்க்கரையாகி, வறுவல் சீக்கிரம் கருகும்.

பிளாஸ்டிக் பையிலிருந்து எடுத்து, சாக்கிலோ கூடையிலோ போட்டு, அடுப்பிலிருந்து தள்ளி, காற்றோட்டமான இருட்டில் வையுங்கள்.