எண்களிலிருந்து ஒரு தீவின் வரைபடம்

நம் புதுக்கோட்டையிலிருந்து கிழக்கே சென்றால் தூத்துக்குடித் துறைமுகம். அதற்கு அப்பால் வான் தீவு. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளுள் ஒன்றான இத்தீவு கடலரிப்பால் சுருங்கி வந்தது. அதைக் காக்க 2015ஆம் ஆண்டு தொடங்கி, அருகே செயற்கைப் பவளத்திட்டுகள் கடலில் இறக்கப்பட்டன. தீவு தேய்கிறதா, வளர்கிறதா என்று அறிய அதன் கரையை ஆண்டுதோறும் வரைந்து ஒப்பிட வேண்டும். அது எவ்வாறு என்று காண்போம்.

ஜி.பி.எஸ். கருவியுடன் கரையைச் சுற்றி நடந்தால், ஒவ்வொரு புள்ளிக்கும் கிழக்குத் தூரம், வடக்குத் தூரம் என இரண்டு எண்கள் மீட்டரில் கிடைக்கும். எக்செல் தாளில் முதலாவதை B பத்தியிலும் இரண்டாவதை C பத்தியிலும் எழுதி, D பத்தியில் இவ்வாறு இணைக்கிறோம்:

```
=B2&","&C2
```

D பத்தியை நோட்பேடில் ஒட்டி, மேலும் கீழும் சில கட்டளைகள் சேர்த்து `theevu.scr` என்று சேமிக்கிறோம். விளக்கத்திற்காக நாமே அமைத்த நான்கு புள்ளிகள் இவை:

```
OSMODE 0
_PLINE
193000,977600
193120,977590
193140,977900
193010,977920
_C
_ZOOM _E
```

ஆட்டோகேடில் `SCRIPT` என்று தட்டி இக்கோப்பைத் தேர்ந்தெடுத்தால் கோடு தானே வரையப்படும். முதல் வரி, புள்ளிகள் பக்கத்துக் கோடுகளில் ஒட்டிக்கொள்ளாமல் தடுக்கிறது. `_C` கோட்டைத் தொடங்கிய இடத்திலேயே மூடுகிறது. கோப்பில் ஓர் இடைவெளியும் என்டர் விசைக்குச் சமம். ஆகவே வேண்டாத இடைவெளி கட்டளையைப் பாதியில் முடித்துவிடும்.

புள்ளிகளை மட்டும் வைப்பதானால் ஒவ்வொரு வரியின் முன்னும் `_POINT` என்றும் ஓர் இடைவெளியும் சேர்த்தால் போதும். எந்த வரிசையில் வைத்தாலும் புள்ளிகள் மாறுவதில்லை. கோடு அப்படியன்று, நடந்த வரிசையிலேயே செல்ல வேண்டும். மேற்கண்ட கோட்டின் பரப்பை `AREA` கட்டளையால் கேட்டால் 39,600 சதுர மீட்டர், அதாவது ஏறத்தாழ 4 ஹெக்டேர். இரண்டாம், மூன்றாம் புள்ளிகளின் வரிகள் இடம் மாறினால் கோடு தன்னையே வெட்டிக்கொள்ளும். பரப்பு 550 என்று வரும். தீவைக் கடல் விழுங்கிவிட்டதென்று எண்ணுவோம். உண்மையில் வரிசைதான் குலைந்திருக்கும்!

நம் கடற்கரைக்கே உரிய இடர் ஒன்றும் உண்டு. இவ்வளவுமுறையில் உலகம் 6 பாகை அகலமுள்ள மண்டலங்களாகப் பிரிக்கப்பட்டுள்ளது. 43ஆம் மண்டலத்தையும் 44ஆம் மண்டலத்தையும் பிரிக்கும் 78 பாகைக் கோடு, திருநெல்வேலிக்கும் தூத்துக்குடிக்கும் இடையே செல்கிறது. வான் தீவு 44இல் உள்ளது. அங்கே கிழக்குத் தூரம் இரண்டு லட்சத்திற்குச் சற்றுக் குறைவு. கருவி 43இல் வைக்கப்பட்டிருந்தால் அதே இடம் எட்டரை லட்சம் என்று காட்டும். அத்தகைய ஒரு புள்ளி கலந்தாலும் கோடு 660 கிலோமீட்டர் நீண்டு ஈட்டிபோல் நிற்கும். தீவோ கண்ணுக்குத் தெரியாத புள்ளியாகிவிடும்.

ஆகவே வரையுமுன் B பத்தியின் மிகச் சிறிய, மிகப் பெரிய எண்களைப் பார்க்க வேண்டும். நம் எடுத்துக்காட்டில் வித்தியாசம் 140 மீட்டர். அது தீவின் அகலத்திற்குப் பொருந்தினால், பிறகு பரப்பை நம்பலாம்.