பீட்டா பிளாக்கர் பட்டியல் மனத்தில் நிற்க

ரத்தக் கொதிப்புக்கும் இதய நோய்களுக்கும் தரப்படும் பீட்டா பிளாக்கர் மருந்துகளின் பெயர்கள் பெரும்பாலும் ‘லால்’ என்றே முடிகின்றன. பட்டியலை வரிசையாகப் படிக்கும் மாணவருக்கு எல்லாம் ஒன்றுபோலவே ஒலிக்கும். ஆனால் அவை இரண்டு வகை. ஒரு வகை பெரும்பாலும் இதயத்திலுள்ள பீட்டா 1 ஏற்பிகளை மட்டும் தடுக்கிறது. மற்றது மூச்சுக்குழாயிலுள்ள பீட்டா 2 ஏற்பிகளையும் சேர்த்துத் தடுக்கிறது. ஆஸ்துமா உள்ளவருக்கு இந்த இரண்டாம் வகையைக் கொடுத்தால் மூச்சுக்குழாய் சுருங்கி உயிருக்கே ஆபத்தாகலாம்.

இரண்டையும் பிரித்தறிய மாணவர்களிடையே ஒரு நினைவுக்குறிப்பு வழங்குகிறது. ஆங்கிலத்தில் ஏ முதல் எம் வரையுள்ள எழுத்துகளில் தொடங்கும் பெயர்கள் முதல் வகை: அட்டெனலால், பைசோப்ரலால், எஸ்மலால், மெட்டோப்ரலால். என் முதல் இசட் வரை தொடங்குபவை இரண்டாம் வகை: நாடலால், பிண்டலால், ப்ரொப்ரனலால், டைமலால்.

குறிப்பு சறுக்கும் இடங்களும் உண்டு. கார்வெடிலால், லபெட்டலால் இரண்டும் எழுத்துப்படி முதல் வகையில் விழும். உண்மையில் அவை இரண்டாம் வகை, ஆல்ஃபா ஏற்பிகளையும் தடுப்பவை. நெபிவலால் ‘என்’னில் தொடங்கினாலும் முதல் வகை. இந்த விலக்குகளை விதியோடு அன்றே சேர்த்துப் படிப்பதுதான் நல்லது. விதி மட்டும் முதலில் மனத்தில் பதிந்துவிட்டால், தவறான விடைகூடச் சரியானது போலவே தோன்றும். இன்னொரு வரம்பும் உண்டு: மருந்தின் அளவு கூடும்போது முதல் வகையும் பீட்டா 2 ஏற்பிகளைத் தடுக்கத் தொடங்கும். இதை எந்த எழுத்து வரிசையும் சொல்லாது. தனியே புரிந்துகொள்ள வேண்டியது.

நினைவுக்குறிப்பு தானாக நிலைக்காது. நாளொன்றுக்குப் பத்து நிமிடம், புத்தகத்தை மூடிவைத்து, வெற்றுத் தாளில் நினைவிலிருந்து எழுதிப் பார்க்க வேண்டும். எழுதி முடித்த பிறகே புத்தகத்தைத் திறந்து திருத்தலாம். தயங்கும்போதே விடையை எட்டிப் பார்த்தால் அது வெறும் மறுவாசிப்பாகிவிடும். இந்தப் பட்டியலை மறுநாள், மூன்றாம் நாள், ஏழாம் நாள், பிறகு இரண்டு வாரம் கழித்து என இடைவெளியைக் கூட்டிக்கொண்டே போகலாம். தவறிய பெயர் மட்டும் மீண்டும் மறுநாள் சுற்றுக்கு வரும். சரியாக வந்தவை தம் இடைவெளியிலேயே தொடரும். அன்றன்றைய பத்து நிமிடத்தில் அன்று முறைவரும் பட்டியல்கள் மட்டுமே இருப்பதால் சுமை பெருகாது.

முதல் பெயரிலிருந்து ஒப்பித்தால்தான் ஐந்தாவது பெயர் வருகிறது என்றால் பட்டியல் இன்னும் படியவில்லை. எனவே பெயர்களைக் கலைத்துப் போட்டு வகையைக் கேட்க வேண்டும். வகையைச் சொல்லிப் பெயர்களையும் கேட்க வேண்டும். கடைசியாக ஒரு நோயாளியை வைத்துக் கேட்கலாம்: ஆஸ்துமா உள்ள ஒருவருக்குக் கண் அழுத்த நோய். டைமலால் சொட்டு மருந்து தரலாமா? டைமலால் இரண்டாம் வகை. கண்ணில் விடும் சொட்டும் ரத்தத்தில் கலந்து மூச்சுக்குழாயைச் சுருக்கும். ஆகவே தரக்கூடாது.